மூலைவிட்டப் பட்டியலும் அதனுள் ஒளிந்திருக்கும் தேர்வும்

1. கேள்வி

விகிதமுறு எண்கள் எண்ணத்தக்கவை என்று நிறுவும் பாடநூல்கள் பெரும்பாலும் அதே மூச்சில் இன்னொரு தேற்றத்தையும் சொல்லிவிடுகின்றன. எண்ணத்தக்க கணங்களை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று முடிவின்றி வரிசைப்படுத்தி, எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தாலும் கிடைக்கும் சேர்ப்புக் கணம் எண்ணத்தக்கதே என்பது அத்தேற்றம். முதல் தேற்றத்துக்கு ஒரு கட்டமும், அதன் குறுக்கே வளைந்து வளைந்து செல்லும் அம்புக்குறிகளும் வரையப்படும். இரண்டாவதற்குப் பல நூல்களில் ஒரு வரிதான் நிரூபணம்: மேற்கண்டவாறே காண்க.

இக்கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. இரண்டு இடத்திலும் வரையும் படம் ஒன்றேதான். ஆனால் படத்தை வரையத் தொடங்குமுன் கையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், இரண்டும் வெவ்வேறு தேற்றங்கள் என்பது தெரியவரும். அந்த வேறுபாடு எங்கே நுழைகிறது, அதைத் தவிர்க்க வழியுண்டா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

எண்ணத்தக்கது என்பதன் பொருளை முதலில் உறுதிப்படுத்திக்கொள்வோம். ஒரு கணத்தின் உறுப்புகளை முதலாவது, இரண்டாவது என்று பட்டியலிட முடிந்து, ஒவ்வோர் உறுப்பும் ஏதேனும் ஓர் இயல் எண்ணுக்குரிய இடத்தில் வந்துவிடுமானால் அக்கணம் எண்ணத்தக்கது. பட்டியல் முடிவற்றதாக இருக்கலாம். ஆனால் எந்த ஓர் உறுப்பின் இட எண்ணும் முடிவற்றதாக இருக்கக்கூடாது. முடிவுள்ள கணங்களையும் எண்ணத்தக்கவையாகவே கொள்கிறேன்.

2. பட்டியல் சிக்கும் இடங்கள்

பின்னங்களைப் பட்டியலிடச் சொன்னால் முதலில் தோன்றுவது அளவு வரிசை. அது உடனே நின்றுபோகிறது. 1/3-க்கு அடுத்து என்ன? 1/2 என்று எழுதினால் இடையில் 2/5 இருக்கிறது. 2/5 என்றால் இடையில் 3/8. அதற்கும் முன்னால் 4/11. தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிக்கொண்டே போனால் இடையில் புதிய பின்னம் கிடைத்துக்கொண்டே இருக்கும். அளவு வரிசையில் எந்தப் பின்னத்துக்கும் அடுத்தது என்று ஒன்று கிடையாது.

இரண்டாவது முயற்சி இதைவிடத் தந்திரமானது. மிகைப் பின்னங்களை ஒரு கட்டத்தில் அடுக்கலாம். n-ஆவது நிரையில் பகுதி n ஆக இருக்கும் பின்னங்கள் வரும்:

```
1/1  2/1  3/1  4/1  ...
1/2  2/2  3/2  4/2  ...
1/3  2/3  3/3  4/3  ...
1/4  2/4  3/4  4/4  ...
```

இப்போது எல்லாப் பின்னங்களும் கட்டத்தில் உள்ளன, எதுவும் விடுபடவில்லை. ஆனால் கட்டம் பட்டியல் ஆகிவிடாது. முதல் நிரையை முடித்துவிட்டு இரண்டாம் நிரைக்கு வருவோம் என்று வைத்தால், முதல் நிரை முடியவே முடியாது. 1/2-இன் முறை வராது. மாணவர் விடைத்தாள்களில் அடிக்கடி தென்படும் தவறு இது. "இவ்வாறே எல்லா நிரைகளையும் எழுதினால்" என்று நிரூபணம் நகர்ந்துவிடும். இத்தவறைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: 1/2 எத்தனையாவது இடத்தில் வருகிறது? அதற்கு ஒரு எண்ணை விடையாகச் சொல்ல முடியாவிட்டால் கையில் இருப்பது பட்டியல் இல்லை.

3. மூலைவிட்டங்கள் செய்யும் வேலை

வழி, நிரைகளை விட்டுவிட்டு மூலைவிட்டங்களைப் பிடிப்பது. 1/1 எழுதி, அடுத்து 2/1, 1/2. பிறகு திரும்பி 1/3, 2/2, 3/1. மீண்டும் திரும்பி 4/1, 3/2, 2/3, 1/4. இப்படி வளைந்து செல்லும்போது ஒரே மூலைவிட்டத்தில் உள்ள பின்னங்களுக்கெல்லாம் தொகுதி, பகுதி ஆகியவற்றின் கூடுதல் ஒன்றாகவே இருக்கிறது. கூடுதல் k ஆக உள்ள மூலைவிட்டத்தில் k−1 பின்னங்கள் மட்டுமே உண்டு. நிரை முடிவற்றது, மூலைவிட்டம் முடிவுள்ளது. நிரூபணத்தின் முழு பலமும் இதில்தான் இருக்கிறது. முடிவுள்ள ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அம்புக்குறிகள் வளைந்து திரும்புவதற்குக் கணிதத்தில் தேவை ஏதுமில்லை. ஒவ்வொரு மூலைவிட்டத்தையும் ஒரே திசையில் எழுதினாலும் நிரூபணம் அப்படியே நிற்கும். பேனாவை எடுக்காமல் வரையலாம் என்பதைத் தவிர வளைவுக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வளைவே சாரம் என்று நினைத்துவிடும் வாசகர், முடிவுள்ள துண்டுகளாகப் பிரித்தல் என்ற உண்மையான கருத்தைத் தவறவிட்டுவிடக் கூடும்.

முன்பு கேட்ட கேள்வியை இந்தப் பட்டியலிடமும் கேட்போம்: 3/7 எத்தனையாவது? அதன் கூடுதல் 10. அதற்கு முந்தைய மூலைவிட்டங்களின் கூடுதல்கள் 2 முதல் 9 வரை; அவற்றில் உள்ளவை 1+2+…+8 = 36 பின்னங்கள். கூடுதல் இரட்டை எண்ணாக உள்ள மூலைவிட்டங்களில் நம் பாதை 1/9, 2/8, 3/7 என்று தொகுதி ஏறுமுகமாகச் செல்கிறது. ஆகவே 3/7 இருப்பது 39-ஆவது இடத்தில். எல்லா மூலைவிட்டங்களையும் இதே ஏறுமுகத்தில் எழுதுவோமானால் m/n-இன் இட எண்ணுக்குச் சூத்திரமே தரலாம்: (m+n−1)(m+n−2)/2 + m. இவ்வகைச் சூத்திரத்தை கியோர்க் கான்டோர் 1878-இல் வெளியிட்ட கட்டுரையில் காணலாம்.

இன்னும் ஒரு குறை உண்டு. 1/1, 2/2, 3/3 எல்லாம் ஒரே எண். பட்டியலில் அது திரும்பத் திரும்ப வருகிறது. எனவே சுருங்கிய வடிவில் இல்லாத பின்னம் வரும்போதெல்லாம் அதைத் தாண்டிச் செல்கிறோம். தாண்டலாமா கூடாதா என்பதைத் தொகுதி, பகுதிகளின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டே தீர்மானித்துவிடலாம். தாண்டிய பின் 3/7-இன் இடம் என்ன? கூடுதல் k ஆக உள்ள சுருங்கிய பின்னங்களின் எண்ணிக்கை, k-ஐ விடச் சிறியவையும் k-உடன் பொதுக் காரணி இல்லாதவையுமான இயல் எண்களின் எண்ணிக்கைதான். k = 2 முதல் 9 வரை அவை முறையே 1, 2, 2, 4, 2, 6, 4, 6; மொத்தம் 27. கூடுதல் 10-இல் 1/9-க்கு அடுத்து 2/8 தாண்டப்பட்டு 3/7 வருகிறது. ஆகவே அதன் இடம் 29. தாண்டப்பட்டவை பத்து. பட்டியல் நீள நீள, தாண்டப்படாமல் எஞ்சுபவற்றின் விகிதம் 6/π²-ஐ, அதாவது ஏறத்தாழ 0.61-ஐ நெருங்கும் என்பது எண்கோட்பாட்டில் அறியப்பட்ட முடிவு. நமக்கு அது தேவையில்லை. பட்டியல் எங்கும் வறண்டுவிடாது என்பது போதும்.

சுழியையும் குறை எண்களையும் சேர்ப்பது எளிது. 0-ஐ முதலில் வைத்து, பிறகு ஒவ்வொரு மிகைப் பின்னத்தையும் அதன் எதிர்க்குறியோடு சேர்த்து எழுதினால், n-ஆவது மிகைப் பின்னம் 2n-ஆவது இடத்துக்கும் அதன் எதிர் எண் 2n+1-ஆவது இடத்துக்கும் போகும். 3/7 இப்போது 58-இல், −3/7 59-இல்.

படமே இல்லாமலும் இதை முடிக்கலாம். சுருங்கிய பின்னம் m/n-க்கு 2^m × 3^n என்ற எண்ணைக் கொடுங்கள். 3/7-க்கு 8 × 2187 = 17496 கிடைக்கும். பகாக் காரணிகளாகப் பிரிக்கும் வழி ஒன்றே என்பதால் இரண்டு பின்னங்களுக்கு ஒரே எண் விழாது. இந்த எண்களின் ஏறுவரிசையே பின்னங்களின் பட்டியல் ஆகிவிடுகிறது. இடையில் பயன்படாத எண்கள் எவ்வளவு இருந்தாலும் பாதகமில்லை. இயல் எண்களின் எந்த உட்கணத்திலும் மிகச் சிறியது எது, அதற்கடுத்தது எது என்று சொல்ல முடியும்.

4. கான்டோர் நிறுத்திய இடம்

1873 நவம்பர் 29 அன்று ஹாலெ நகரிலிருந்து கான்டோர், ரிச்சர்ட் டெடிகிண்டுக்கு எழுதிய கடிதத்தில் இயல் எண்களையும் மெய்யெண்களையும் ஒன்றுக்கு ஒன்றாக இணைக்க முடியுமா என்று கேட்கிறார். அதே கடிதத்தில், பின்னங்களையும் அவ்வாறு இணைக்க முடியாது என்றே முதல் பார்வையில் தோன்றும், ஆனால் இணைக்க முடியும் என்று காட்டுவது கடினமில்லை என்ற பொருளில் குறிப்பிடுகிறார். ஒரு சுட்டெண்ணுக்குப் பதில் பல சுட்டெண்கள் கொண்ட தொடர்வரிசைகளுக்கும் அது பொருந்தும் என்கிறார். பின்னங்களைப் பொறுத்தவரை விஷயம் அவருக்கு அப்போதே முடிந்துபோன ஒன்று.

1874-இல் வெளியான அவரது கட்டுரை இன்னும் ஒரு படி போகிறது. முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளின் மெய் மூலங்கள், அதாவது மெய்யான இயற்கணித எண்கள், எண்ணத்தக்கவை என்று அது நிறுவுகிறது. கான்டோர் அங்கே கையாண்ட உத்தி நம் மூலைவிட்டத்தின் உறவுதான். ஒரு சமன்பாட்டின் படி n என்றால், n−1-உடன் எல்லாக் கெழுக்களின் மட்டு மதிப்புகளையும் கூட்டி அதை அச்சமன்பாட்டின் உயரம் என்று கொள்கிறார். ஓர் உயரத்துக்கு முடிவுள்ள எண்ணிக்கையில்தான் சமன்பாடுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் முடிவுள்ள எண்ணிக்கையில்தான் மூலங்கள். மேலும் காரணிப்படுத்த முடியாத சமன்பாடுகளை மட்டும் எடுத்தால், உயரம் 1-இல் கிடைப்பது 0 மட்டும். உயரம் 2-இல் −1, 1. உயரம் 3-இல் −2, −1/2, 1/2, 2. இப்படி உயரம் உயரமாக எழுதிச் செல்லலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒரு சிறு விவரம். ஒவ்வொரு உயரத்திலும் கிடைக்கும் எண்களை அவற்றின் அளவுப்படி, சிறியதிலிருந்து பெரியதாக, எழுதுகிறோம். முடிவுள்ள மெய்யெண் கணத்துக்கு இந்த வரிசை எப்போதும் கிடைக்கும். நாம் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பின்னங்களின் கட்டத்திலும் அப்படியே: n-ஆவது நிரையை எப்படி எழுதுவது என்பதைத் தொகுதியே சொல்லிவிட்டது.

5. பொதுத் தேற்றமும் அதன் ஒரு சொற்றொடரும்

இப்போது A_1, A_2, A_3, … என்று எண்ணத்தக்க கணங்கள் தரப்பட்டுள்ளன. இவற்றின் சேர்ப்பு எண்ணத்தக்கது என்று காட்ட வேண்டும். வழக்கமான நிரூபணம்: A_m எண்ணத்தக்கது என்பதால் அதன் உறுப்புகளை a_m1, a_m2, a_m3, … என்று பட்டியலிடுவோம். அதை m-ஆவது நிரையாக வைத்துக் கட்டம் அமைத்து, மூலைவிட்டமாக எழுதி, ஏற்கெனவே வந்தவற்றைத் தாண்டிச் செல்வோம். A_m முடிவுள்ளதாயின் அந்த நிரையில் காலியிடங்கள் இருக்கும்; அவற்றையும் தாண்டலாம். எல்லாம் முன்போலவே.

முன்போலில்லாத சொல் ஒன்று மட்டும்: பட்டியலிடுவோம். A_m எண்ணத்தக்கது என்றால் அதற்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது என்று பொருள். அது எந்தப் பட்டியல் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. முடிவற்ற எண்ணத்தக்க கணம் ஒன்றுக்குப் பட்டியல்கள் எண்ணிலடங்காதவை. அவற்றின் கணம் மெய்யெண்களின் கணம் அளவுக்குப் பெரியது. ஒரு கணத்துக்கு அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வதில் சிக்கலில்லை. பத்துக் கணங்களுக்கும் இல்லை. பத்து முறை எடுத்தால் போதும். ஆனால் கட்டம் முழுமையாக வேண்டுமானால் எல்லா m-க்கும் ஒரே வீச்சில் எடுத்தாக வேண்டும். விதி ஏதும் தரப்படாத நிலையில் முடிவற்ற எண்ணிக்கையில் ஒரே நேரத்தில் தெரிவு செய்யலாம் என்பது தனியோர் அடிக்கோள். எர்ன்ஸ்ட் செர்மெலோ 1904-இல் வெளிப்படையாக முன்வைத்த தேர்வு அடிக்கோளின் எளிய வடிவம் அது. தெரிவுகள் எண்ணத்தக்க அளவில் மட்டுமே உள்ளதால் இதை எண்ணத்தக்க தேர்வு என்பார்கள்.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1919-இல் எழுதிய அறிமுக நூலில் இதை விளக்கத் தந்த எடுத்துக்காட்டு இன்றும் பொருத்தமானது. முடிவற்ற அளவில் காலணி ஜோடிகள் இருந்தால் ஒவ்வொரு ஜோடியிலும் இடது காலணியை எடு என்று ஒரே விதி போதும். காலுறை ஜோடிகளில் இடது வலது கிடையாது. எதை எடுப்பது என்று சொல்ல விதியே இல்லை. காலணிகளை இடது, வலது என்று மாற்றி மாற்றி எழுதி எண்ணிவிடலாம். காலுறைகளின் கட்டத்துக்கு இரண்டு நிரல்கள்தான் வேண்டும், ஆனால் எந்தக் காலுறை எந்த நிரலில் என்பது தெரியாமல் கட்டமே எழும்பாது.

இந்தச் சிக்கல் இந்தக் குறிப்பிட்ட நிரூபணத்தின் குறை, சாமர்த்தியமான வேறொரு நிரூபணம் இதைத் தவிர்த்துவிடும் என்று யாரேனும் வாதிடலாம். அது நடக்காது என்பதைச் சில வரிகளில் காட்டிவிடலாம். எந்த வழியிலோ சேர்ப்பு எண்ணத்தக்கது என்று நிறுவிவிட்டதாகக் கொள்வோம். அப்படியானால் எல்லாக் காலுறைகளுக்கும் ஒரே பட்டியல் கிடைத்துவிட்டது. இனி ஒவ்வொரு ஜோடியிலும் அப்பட்டியலில் முந்தி வருவதை எடு என்று விதி சொல்லலாம். ஆக, தேற்றத்தின் முடிவு கையில் இருந்தால் தெரிவும் தானாகவே கிடைத்துவிடுகிறது. வெறுமையற்ற எண்ணத்தக்க கணங்களின் எந்த வரிசைக்கும் இதே வாதம் செல்லும். நிரூபணத்தில் தெரிவை மறைத்து வைக்கலாம்; தேற்றத்திலிருந்து அதை எடுத்துவிட முடியாது.

6. தெரிவு இல்லாத உலகில்

தேர்வு அடிக்கோளைச் சேர்க்காமல், செர்மெலோ–பிராங்கல் கணக்கோட்பாட்டின் மற்ற அடிக்கோள்களை மட்டும் வைத்துக்கொண்டால் தேற்றம் என்னவாகும்? பால் கோஹன் 1963-இல் அறிமுகப்படுத்திய முறையைக் கொண்டு சாலமன் ஃபெஃபர்மனும் அஸ்ரியல் லெவியும் அதே ஆண்டில் ஒரு மாதிரியை அமைத்தனர். அதில் மெய்யெண்கள் முழுவதுமே எண்ணத்தக்க கணங்களின் எண்ணத்தக்க சேர்ப்பு.

இது முதலில் முரண்போலத் தோன்றும். மெய்யெண்களைப் பட்டியலிட முடியாது என்ற கான்டோரின் நிரூபணத்துக்குத் தேர்வு அடிக்கோள் தேவையில்லை. எனவே அந்த மாதிரியிலும் மெய்யெண்கள் எண்ணத்தகாதவையே. இரண்டும் சேர்ந்து சொல்வது இதைத்தான்: கணங்கள் ஒவ்வொன்றுக்கும் பட்டியல் இருக்கிறது. முதல் ஆயிரம் கணங்களைச் சேர்த்து ஒரே கட்டமாக்கலாம், முதல் கோடியையும் ஆக்கலாம். ஆனால் எல்லாக் கணங்களையும் நிரைகளாகக் கொண்ட ஒரே கட்டம் அந்த உலகில் இல்லை. மூலைவிட்டம் போட வேண்டிய இடத்தில் கட்டமே இல்லை.

பாதிப்பு கணக்கோட்பாட்டோடு நிற்பதில்லை. x_1, x_2, … என்று பட்டியலிடப்பட்ட எந்தக் கணத்தையும், எவ்வளவு சிறிய ε-ஐக் கொடுத்தாலும், மொத்த நீளம் ε-ஐ மிஞ்சாத இடைவெளிகளால் மூடிவிடலாம்: x_1-ஐ ε/2 நீள இடைவெளியாலும், x_2-ஐ ε/4 நீளத்தாலும், அடுத்ததை ε/8 நீளத்தாலும் மூடினால் போதும். இதனால் எண்ணத்தக்க கணத்தின் அளவை சுழி. ஃபெஃபர்மன்–லெவி மாதிரியில் மெய்யெண் கோடு முழுவதும் இத்தகைய சுழி அளவைக் கணங்களின் எண்ணத்தக்க சேர்ப்பாக ஆகிவிடுகிறது. 0 முதல் 1 வரையிலான இடைவெளியின் நீளமோ 1. எண்ணத்தக்க அளவில் துண்டுகளைச் சேர்க்கும்போது அளவைகளும் கூடும் என்ற பண்பு அங்கே உடைந்துவிடுகிறது.

எமில் போரெலும் ஹென்றி லெபேக்கும் அளவைக் கோட்பாட்டை எழுப்பியது அந்தப் பண்பின் மேல்தான். செர்மெலோவின் கட்டுரை வெளியானதும், ஹடமார், பேர் ஆகியோருடன் 1905-இல் நடந்த புகழ்பெற்ற கடிதப் பரிமாற்றத்தில் அதைக் கேள்விக்குள்ளாக்கியவர்களும் இவ்விருவர்தாம். போரெல் முதன்மையாக எதிர்த்தது எண்ணத்தகாத அளவிலான தெரிவுகளை. அவ்வகையில் அவர் நிலைப்பாட்டில் ஓரளவு இசைவு இருக்கிறது. லெபேக்கைப் பற்றி அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. பகுப்பாய்வில் இந்தத் தெரிவுகள் எங்கெங்கே சொல்லாமல் நுழைகின்றன என்பதை வாக்லாவ் சியர்பின்ஸ்கி 1918-இல் விரிவாகத் தொகுத்தார். எண்ணத்தக்க சேர்ப்புத் தேற்றம் அவற்றுள் ஒன்று.

7. எப்போது தேவையில்லை

இன்று பெரும்பாலான கணிதவியலாளர்கள் எண்ணத்தக்க தேர்வைத் தயக்கமின்றி ஏற்கிறார்கள். அவர்களுக்குப் பொதுத் தேற்றம் தேற்றமே. எனினும் ஒரு குறிப்பிட்ட நிரூபணத்தில் அது உண்மையிலேயே தேவைப்பட்டதா என்று பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. எல்லா நிரைகளையும் எழுதித்தரும் ஒரே விதியைச் சொல்ல முடிகிறதா என்று கேட்க வேண்டும். பகுதி n ஆக உள்ள பின்னங்களுக்குச் சொல்ல முடியும். n எழுத்து நீளமுள்ள சொற்களுக்கு அகராதி வரிசை இருக்கிறது. ஆகவே எல்லா முடிவுள்ள சொற்களும், எல்லாக் கணினி நிரல்களும், எந்த அடிக்கோள் உதவியுமின்றி எண்ணத்தக்கவை. முடிவுள்ள மெய்யெண் கணங்களுக்கு அளவு வரிசை இருக்கிறது. முடிவற்ற எண்ணத்தக்க மெய்யெண் கணத்துக்கு அப்படிப் பொதுவிதி இல்லை. விகிதமுறு எண்களுக்கே அளவு வரிசை பட்டியலாகாது என்று முன்பே பார்த்தோம். ஃபெஃபர்மன்–லெவி மாதிரியின் நிரைகள் இந்த இரண்டாம் வகை.

பகுப்பாய்வில் பழக்கமான ஒரு முடிவை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். மெய்யெண் கோடு முழுவதிலும் வரையறுக்கப்பட்ட ஏறுமுகச் சார்பு f எத்தனை புள்ளிகளில் தொடர்ச்சி இழக்கலாம்? எண்ணத்தக்க அளவிலேயே என்பது விடை. −n முதல் n வரையிலான இடைவெளியின் உட்புள்ளிகளில், 1/n-ஐ விடப் பெரிய தாவல் நிகழும் புள்ளிகளின் கணத்தை A_n என்போம். ஏறுமுகச் சார்பில் ஒரு தாவல் இன்னொன்றை ஈடுசெய்ய முடியாது. எனவே அத்தாவல்களின் மொத்தம் f(n)−f(−n)-ஐ மிஞ்சாது. தாவல்களின் எண்ணிக்கை n × (f(n)−f(−n))-ஐ மிஞ்சாது. A_n முடிவுள்ளது. தொடர்ச்சி இழக்கும் புள்ளி ஒவ்வொன்றும் போதிய அளவு பெரிய n-க்கு A_n-இல் வந்துவிடும். இங்கே நிரூபணத்தை "A_n எண்ணத்தக்கது, ஆகவே சேர்ப்பும் எண்ணத்தக்கது" என்று முடித்தால் தேவையில்லாத அடிக்கோள் ஒன்றை உள்ளே அழைத்தவர் ஆகிறோம். "A_n முடிவுள்ளது, அதன் புள்ளிகளை இடமிருந்து வலமாக எழுதுவோம்" என்று முடித்தால் கட்டம் தானாகவே நிரம்பிவிடுகிறது.